கடையெட்டாம் வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். 32 வருஷம் அந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். அவர் திண்டுக்கல்லில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மற்ற ஏழு பேருக்கும் கடை என்பது பெயரோடு சரி. இவருக்கு உண்மையாகவே கடை உண்டு.

அண்ணாச்சி என்றுதான் தெருவே கூப்பிடும். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, 20 வயதில் இங்கே வந்து, பருப்பும் புளியும் விற்றுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர். ஆனால் அவர் வள்ளலானது பருப்பாலும் புளியாலும் அல்ல. பருப்பு ஒரு கஞ்சச் சரக்கு. மூட்டையில் வந்தது மூட்டையில் இருக்கும். ஒரு மாதம் கழித்து நிறுத்தாலும் ஏறக்குறைய அதே எடை காட்டும். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காது. அப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு எவன் வள்ளலாக முடியும்? அண்ணாச்சியின் கைகள் விரிந்தது தக்காளிக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கடை வாசலில் குவித்து வைத்திருந்த தேங்காயை உள்ளே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சாய்வுப் பலகை அடித்து, தக்காளியை ஏற்றி உட்காரவைத்தார். தெருவில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்தச் சிவப்புதான். பாரி தேரைக் கொடுத்தது காட்டு வழியில். அங்கே தேர் நிறுத்த வாடகை கிடையாது. அண்ணாச்சி கொடுத்தது மாதம் 9,000 ரூபாய் வாடகைக் கடையின் வாசல். எது பெரிய கொடை என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உடனே தெரிந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் கூட்டம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து விடியற்காலையில் நாலு பெட்டி வந்து இறங்கும். பெட்டிக்கு 14 கிலோ, ஆக 56 கிலோ. ராத்திரி ஒன்பது மணிக்குப் பலகை காலி. எதிர்ச்சாரிக் கடைக்காரர் வயிறு எரிந்ததைத் தெருவே பார்த்தது. அண்ணாச்சி சாயங்காலம் என்னைப் பார்த்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொல்வார்:

"சார், கடையிலேயே நம்ம தக்காளிதான் ராசா. பெட்டி 280க்கு எடுக்கேன், கிலோ 20 ரூவா ஆகுது. 28க்கு விக்கேன். கிலோவுக்கு எட்டு. 56 கிலோவுக்குக் கணக்குப் போடுங்க."

தமிழ் வாத்தியாராக இருந்தாலும் பெருக்கத் தெரியும். 448 ரூபாய். மாதம் 13,000 ரூபாய்க்கு மேல். வாடகை போய் மிச்சம் இருக்கிறதே என்று நானும் வியந்தேன். வியப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அவருடைய கணக்கின் அழகை இங்கே பாராட்டாமல் போனால் பாவம். அதில் ஒரு சிக்கலும் இல்லை. வாங்கிய எடையும் விற்ற எடையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் அப்படித்தான் அழகாக இருக்கும். அதைவிட அழகு, அவர் லாபத்தைப் பார்த்த இடம். காலையில் கல்லாவிலிருந்து பணம் எடுத்துத் தக்காளிக்காரனிடம் கொடுப்பார். பகலெல்லாம் பருப்புக்காசும் சோப்புக்காசும் தக்காளிக்காசும் ஒரே கல்லாவில் விழும். ராத்திரி கல்லா நிறைந்திருக்கும். நிறைந்த கல்லாவைப் பார்த்து "ராசா உழைக்கிறான்" என்பார். ஒரே வீட்டில் சம்பாதிக்கிற அண்ணனும் செலவழிக்கிற தம்பியும் இருந்தால், நல்ல சட்டை போட்டு வாசலில் நிற்கிறவனைத்தான் ஊர் சம்பாதிக்கிறவன் என்று நினைக்கும். உள்ளே மூட்டையில் கிடக்கும் துவரம்பருப்புக்கு வாசலில் நிற்கத் தெரியாது.

குட்டை உடைத்தது ஒரு வாளி.

கடையில் கழிக்கிற தக்காளியை ஒரு பச்சை வாளியில் போட்டுவைப்பார்கள். ராத்திரி அண்ணாச்சியின் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவார். ஆச்சி என்று நாங்கள் கூப்பிடும் அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். ஒரு நாள் முழங்கை வலி. வாளியைத் தூக்கமுடியாமல் தராசின் மேல் வைத்தார், சற்று இளைப்பாறத்தான். எலக்ட்ரானிக் தராசுக்கு இளைப்பாறத் தெரியாது. சிவப்பு எழுத்தில் எண் காட்டியது. வெறும் வாளியை மறுபடி வைத்துப் பார்த்துக் கழித்தார். ஐந்து கிலோ.

"ஏங்க, தெனமும் அஞ்சு கிலோவா போகுது?"

"மாடு வாயில்லா ஜீவன். புண்ணியம்லா."

புண்ணியம்தான், அதில் ஐயமில்லை. அந்த மாடு கறக்கிற பாலை அண்ணாச்சி லிட்டர் 50 ரூபாய் கொடுத்து வாங்குகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் புண்ணியத்தின் முழு அளவு தெரியும். தீனியும் கொடுத்துப் பாலுக்குக் காசும் கொடுக்கிறவனை எந்தச் சங்கப் புலவனும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆச்சி மறுநாளிலிருந்து ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். ஏழு நாள் எழுதினார். எட்டாம் நாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மாடியேறி என்னிடம் வந்தார். "சார், கூட்டிப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் சரியா வரல" என்றார். எனக்குச் சரியாக வந்தது. அதுதான் பிரச்சினை.

பெட்டியைப் பிரிக்கும்போதே அடித்தட்டில் நசுங்கியும் வெடித்தும் கிடப்பவை மூன்று கிலோ. அண்ணாச்சி எடுப்பது நாட்டுத் தக்காளி. தோல் மெல்லிசு, சாறு அதிகம், ரசத்துக்கு அதைப்போல வேறில்லை. 14 கிலோவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வண்டியில் 30 கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு வந்தால் அடியில் இருப்பவை மேலே இருப்பவற்றுக்காக உயிரைக் கொடுக்கும். தியாகம் மேலிருப்பவனுக்குத் தெரியாது என்பது பெட்டிக்குள்ளும் உண்மை.

ராத்திரி மிஞ்சுவதில் இரண்டு கிலோ வாளிக்குப் போகும். ஆக ஐந்து. இன்னும் ஒரு எட்டு கிலோ கெட்டுப்போகாது, ஆனால் மறுநாள் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். அதைப் பக்கத்து மெஸ்காரர் கிலோ பத்து ரூபாய்க்கு அள்ளிப்போவார். அண்ணாச்சி இந்த எட்டு கிலோவையும் 'வித்துப்போச்சு' கணக்கில்தான் வைத்திருந்தார். வாங்கியது 20, விற்றது 10. விற்றுத்தானே போயிருக்கிறது, தப்பென்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் போகவும் இரண்டு கிலோ கணக்கில் வரவில்லை. தராசில் விழுந்த விற்பனை, வாளி, மெஸ் எல்லாவற்றையும் கூட்டினாலும் 54தான் வருகிறது. அண்ணாச்சி உடனே கடைப் பையனை முறைத்தார். ஆச்சி மின்விசிறியை முறைத்தார். ஈ வராமலிருக்கப் பலகைக்கு மேலே ஒரு விசிறி நாள் முழுக்கச் சுற்றும். அன்று ராத்திரி ஐந்து கிலோவைச் சரியாக நிறுத்துத் தனியே வைத்து, விசிறியை ஓடவிட்டு, காலையில் நிறுத்தோம். 4 கிலோ 910 கிராம். ஒரு பழமும் குறையவில்லை, தண்ணீர்தான் காற்றோடு போயிருந்தது. அந்தக் கணக்குக்கு 56 கிலோவில் ஒரு கிலோ ஆவியாகிறது. காற்றுக்கும் கொடை கொடுத்தவர் எங்கள் அண்ணாச்சி.

மிச்ச ஒரு கிலோ எங்கே? அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். தராசு அரைக்கிலோ காட்டியதும் அண்ணாச்சியின் கை நிற்காது. கூட ஒரு சின்னப் பழத்தைப் போட்டு "இருக்கட்டும் தாயி" என்பார். நாளுக்கு நூறு பேர் தக்காளிக்கு வருகிறார்கள். ஆளுக்குப் பத்து கிராம் என்றாலும் ஒரு கிலோ. பையன் பிழைத்தான்.

ஆக, 56 கிலோவில் 28 ரூபாய்க்கு விற்றது 41 கிலோ. அதற்கு வந்தது 1,148 ரூபாய். மெஸ்காரரிடம் 80. மொத்தம் 1,228. வாங்கிய விலை 1,120, வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் பெட்டிக்கு 20 வீதம் 80, ஆக 1,200. மிச்சம் 28 ரூபாய். 448 என்று நினைத்த இடத்தில் 28.

அட்டையை அண்ணாச்சியிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "இருபத்தெட்டு ரூவான்னாலும் லாபம்தான சார்?" என்றார். இந்த மனசு எல்லோருக்கும் வராது.

ஆச்சி விடவில்லை. "கொசுறு?" என்றார்.

தக்காளி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, நாலு காம்பு கொத்தமல்லி. இது கேட்டுப் பெறுவது கிடையாது, கேட்காமலே பையில் விழும். கால் கிலோ வாங்கினாலும் விழும். அதியமானாவது ஔவை ஒருத்திக்குத்தான் கொடுத்தான். இவர் நாளுக்கு 40 ரூபாய்க்குக் கட்டு வாங்கி நூறு ஔவைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதோடு காகிதப் பை. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்ததிலிருந்து அண்ணாச்சி செய்தித்தாள் பைக்கு மாறியிருந்தார். தக்காளிக்கு மட்டும் நாளுக்கு 30 ரூபாய். கொசுறும் பையும் சேர்ந்து 70. 28இல் 70 போனால் என்ன மிச்சம் என்று அண்ணாச்சி கேட்கவில்லை.

அடுத்து ஆள்கூலி. கடையில் வேலை செய்கிற பெண்மணி வழக்கமாக எட்டு மணிக்கு வருவார். தக்காளி வந்த பிறகு பெட்டி பிரித்துப் பொறுக்கிவைக்க ஏழு மணிக்கே வரச்சொல்லி, அந்த ஒரு மணிக்கு 60 ரூபாய் தனியாகக் கொடுத்தார்கள். இந்த 60ஐ மட்டும்தான் தக்காளித் தலையில் எழுதினோம். பகலில் அவர் பலகையை ஒதுங்கவைக்கிற நேரத்தை எழுதவில்லை, ஏனென்றால் தக்காளி இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் போகத்தான் போகிறது. கணக்கில் நியாயம் வேண்டும். ராசாவின் மேல் வீண்பழி போடக் கூடாது.

கடைசியாக இடம். இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். கடை 180 சதுர அடி, வாடகை 9,000, சதுர அடிக்கு 50 ரூபாய். பலகையும் அதன் முன்னால் ஆள் நிற்கிற இடமும் 20 சதுர அடி. மாதம் 1,000, நாளுக்கு 33 ரூபாய். பெருமையாக நிமிர்ந்தேன்.

"சார், வாசலும் உள்மூலையும் ஒரே வாடகையா?" என்றார் ஆச்சி.

32 வருஷம் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. வாசல் இடத்தின் விலை வாடகைச் சீட்டில் இருக்காது, அங்கே வேறு எது நின்றால் என்ன தரும் என்பதில்தான் இருக்கும். அதற்கு ஆச்சியிடம் சாட்சியும் இருந்தது. தேங்காய் மண்டிக்காரரின் பழைய சிட்டைகள். தேங்காய் வாசலில் இருந்த காலத்தில் நாளுக்கு 30 காய் ஓடியது. உள்ளே தள்ளிய பிறகு 12. காய்க்கு நாலு ரூபாய் நிற்கும். குறைந்த 18 காய்க்கு 72 ரூபாய். தேங்காய் அழுகாது, கொசுறு கேட்காது, யாரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கவும் முடியாது. காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அத்தனை நல்ல குணம் இருந்ததால்தான் அதை இருட்டில் உட்காரவைத்தார்கள் போலிருக்கிறது.

33, 72 இரண்டையும் சேர்த்து எழுதப் பார்த்தேன். அதையும் ஆச்சி தடுத்தார். ஒரே இடத்துக்கு ஒரு தடவைதான் கூலி போடவேண்டும் என்றார். 33ஐ அடித்தேன்.

முடிவாக வந்த தொகை இது: 28 ரூபாய் மிச்சத்திலிருந்து கொசுறு, பை, கூலி, இடம் எல்லாம் போக, நாளுக்கு 174 ரூபாய் கைநஷ்டம். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல். எது கடையின் ராசா என்று சொன்னாரோ அது மாதாமாதம் பருப்பிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தது. ராசா என்று சொன்னது ஒருவிதத்தில் சரிதான்.

இந்த இடத்தில் மற்றவர்களாக இருந்தால் தளர்ந்துபோவார்கள். அண்ணாச்சி தளரவில்லை. வள்ளல்களிடம் கடைசி அம்பு ஒன்று எப்போதும் இருக்கும்.

"சார், நீங்க தக்காளிய மட்டும் பாக்கீக. தக்காளிக்கு வாரவன் பருப்பும் வாங்குவான், எண்ணெயும் வாங்குவான். அத யாரு கணக்குல எழுதுவீக?"

சத்தியமான கேள்வி. பல சரக்குகள் இந்த ஒரு கேள்வியின் பலத்தில்தான் கடைகளில் உயிர் வாழ்கின்றன. ஆச்சி மறுபடி அட்டையைத் திருப்பினார். மூன்று நாள், தக்காளி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. தக்காளி மட்டும் வாங்கினால் இந்தப் பக்கம், கூட வேறு ஏதாவது வாங்கினால் அந்தப் பக்கம். நூறு பேருக்கு 62 பேர் தக்காளி மட்டும் வாங்கிக்கொண்டு, கொசுறையும் வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி மாதிரி யாரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். மற்றவை எதிர்ச்சாரிக் கடையில். அங்கே பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவாம்.

மிச்சம் 38 பேர். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த 38 பேரும் தக்காளியால் வந்தவர்களா, தக்காளி இல்லாவிட்டாலும் வருகிறவர்களா? இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. மழை காட்டியது. ஒரு நாள் ஒட்டன்சத்திரத்தில் கொட்டித் தீர்த்ததில் வண்டி வரவில்லை, பலகை வெறுமையாகக் கிடந்தது. வழக்கமாக வரும் அந்த 38 முகங்களில் 31 அன்றும் வந்தன. மாதக்கணக்கு வைத்திருப்பவர்கள், அவர்களுக்குத் தக்காளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. வராதது ஏழு பேர். ஒரே நாள் கணக்கு, அதுவும் மழை நாள், அதைக் கல்வெட்டில் செதுக்க முடியாது. ஆனாலும் அந்த ஏழு பேரிடம் மற்ற சரக்கில் ஆளுக்குப் பத்து ரூபாய் லாபம் நிற்கும் என்று தாராளமாகவே வைத்தோம். 70 ரூபாய். நஷ்டம் 174இலிருந்து 104 ஆகக் குறைந்தது. நாளுக்கு 104 ரூபாய் கொடுத்து ஏழு பேரை அழைத்துவருவதற்கு, வாசலில் மேளம் வைத்திருந்தால் தெருவுக்கும் மங்கலமாக இருந்திருக்கும்.

விலையை ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எல்லாச் செலவும் சேர்த்துப் பார்த்தால் விற்கிற ஒரு கிலோவுக்கு 32 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. 33 என்று பலகை எழுதினால் தீர்ந்தது. ஆனால் காலை எட்டு மணிக்குத் தெருவில் ஒரு தள்ளுவண்டி வரும். அவருக்கு வாடகை இல்லை, விசிறி இல்லை. காலையில் 28, மதியம் 24, இருட்டுகிற நேரத்துக்கு 15, அத்தோடு வண்டி காலி. பழம் வாடுகிற வேகத்தில் விலையையும் வாடவிடத் தெரிந்த மனிதர். அவருக்கு வள்ளல் பட்டம் கிடைக்கப் போவதில்லை.

இன்னொரு பழைய பெருமையையும் ஆச்சி கிளறினார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அண்ணாச்சி பத்து ரூபாய் லாபம் வைத்து விற்றார். "அந்த மாசந்தான் நல்லா ஓடிச்சு" என்று இன்றும் சொல்வார். விலை ஏறியதற்காகப் பழம் கெடாமல் இருந்துவிடுமா? வாளியில் விழுவது அதே கிலோதான், ஆனால் ஒவ்வொரு கிலோவும் 100 ரூபாய். அந்த மாதம் பின்தெரு மாடு எங்கள் தெருவில் யாரையும்விட உயர்வாகச் சாப்பிட்டது.

பேகனைச் சொல்லாமல் விட்டால் வரலாறு மன்னிக்காது. மயிலுக்குக் குளிருமே என்று பேகன் போர்வை கொடுத்தான். தக்காளிக்கு வெயில் சுடுமே என்று அண்ணாச்சி மதியம் தோறும் ஈரச்சாக்கைப் போர்த்திவிடுவார். கீரைக்குச் செய்கிற வைத்தியம் அது. கீரை ஈரத்தில் தழைக்கும். தக்காளியோ, காம்பு உதிர்ந்த குழியில் ஈரம் நின்றால் அங்கிருந்தே அழுக ஆரம்பிக்கும். ஒன்று அழுகினால் தொட்டுக்கொண்டிருக்கும் நாலும் அதோடு போகும். அன்போடு போர்த்திய சாக்குக்கு அடியில் அது நடக்கும். எடுத்துப் பார்க்கிறவரைக்கும் தெரியாது. மயில் போர்வையை என்ன செய்தது என்று சங்கப் பாடல்கள் சொல்லாமல் விட்டதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொடை குறைகிற கதையை விரித்துச் சொல்வதில் சுவை இல்லை. நாலு பெட்டி இரண்டானது. அதில் ஒன்று மட்டும் நாட்டுத் தக்காளி, மற்றது தோல் தடித்த ஹைப்ரிட், அதுவும் செங்காயாகப் பார்த்து எடுப்பது. செங்காய் கடையில் இருந்தபடியே இரண்டு மூன்று நாளில் பழுக்கும், அதனால் இன்று விற்காதது நாளைக்குக் கெட்டதாகாமல் நாளைக்குப் பழுத்ததாகிறது. பெட்டியில் இருந்தபடி வைக்காமல் தட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பினார்கள். ஈரச்சாக்கு வாசற்படியில் கால் துடைக்கப் போனது.

இரண்டு தட்டு வைத்தார்கள். ஒன்றில் பொறுக்கி எடுக்கலாம், கிலோ 32. மற்றதில் கை வைக்கக்கூடாது, அள்ளிப் போடுவதை வாங்கிக்கொள்ளவேண்டும், கிலோ 26. முன்பு ஒரு பழம் விற்பதற்குள் எட்டுக் கட்டைவிரல் அதை அமுக்கிப் பார்த்திருக்கும், எட்டாவது விரலுக்குப் பிறகு அது எப்படி நன்றாக இருக்கும்? இப்போது அமுக்குகிற உரிமைக்குக் கிலோவுக்கு ஆறு ரூபாய். பலருக்கு விரல் அரிப்பு நின்றுவிட்டது. கொசுறு 50 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மட்டும். தேங்காய் வாசலுக்குத் திரும்பியது, தக்காளித் தட்டுகள் படியோரம் ஒதுங்கின.

ஒரு மாதம் கழித்து ஆச்சி அட்டையைக் காட்டினார். வாளி முக்கால் கிலோ. தக்காளியில் நாளுக்கு 60, 70 ரூபாய் நிற்கிறது. வாசலில் காலைக் கூட்டம் பாதியாகிவிட்டது. தெருவில் சிலர் அண்ணாச்சிக்கு மனசு சுருங்கிவிட்டது என்கிறார்கள். பின்தெரு மாட்டுக்காரர் தீவனச் செலவு கூடிவிட்டது என்று பாலை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். அண்ணாச்சிக்கு அதில்தான் மிகுந்த வருத்தம். "நாமளே வளத்த மாடு சார்" என்றார்.

அண்ணாச்சியின் பெயரைப் பட்டியலிலிருந்து நான் அடிக்கவேண்டியதாகிவிட்டது. ஆனால் இடம் காலியாக இல்லை. இரண்டு வருஷம் வயிறெரிந்துகொண்டிருந்த எதிர்ச்சாரிக் கடைக்காரர் போன வாரம் வாசலில் சாய்வுப் பலகை அடித்துவிட்டார். நேற்றுக் காலையில் எண்ணிப் பார்த்தேன், ஆறு பெட்டி இறங்கியது. அங்கிருந்த அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளியிருக்கிறார். கூட்டம் தெருமுனை வரைக்கும் நிற்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தில் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிற அதே ஒளி. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். நாட்டுத் தக்காளி கிலோ 27 ரூபாய், கொத்தமல்லி இலவசம்.